டேங்க் லெவல் லூப் ஊசலாடும்போது கெயினைக் குறைத்தால் ஏன் மோசமாகிறது?

கேள்வி: "2 மீட்டர் விட்டமுள்ள செங்குத்து டேங்க். டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 0–2 மீட்டர். வெளியேறும் லைனில் கன்ட்ரோல் வால்வு, முழுசா திறந்தா மணிக்கு 30 கன மீட்டர் போகும். பிஐ மட்டும்தான், ரீசெட் 2 நிமிஷம். கெயின் 1.5 இருந்தப்போ 27 நிமிஷத்துக்கு ஒரு அலை. 0.8 ஆக்கினேன், 36 நிமிஷம் ஆச்சு. 0.4 ஆக்கினேன், 50 நிமிஷம். லெவல் மேலயும் கீழயும் 10% போகுது. உள்ளே வர்ற லைனில் இரண்டாவது பம்ப் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஓடும், நிக்கும். அப்போ வரத்து மணிக்கு 6 கன மீட்டர் மாறும். கெயினை இன்னும் எவ்வளவு குறைக்கணும்? டி போடலாமா?"

கெயினை இனியும் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். ரீசெட் நேரத்தை 2 நிமிடத்திலிருந்து பத்து மடங்குக்கு மேல் நீட்டுங்கள். டி வேண்டாம். நீங்கள் கொடுத்த மூன்று அலை நேரங்களே இதற்குப் போதுமான சாட்சி. அதோடு வால்விலும் கோளாறு இருக்கிறதா என்பதை மட்டும் இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஃப்ளோ லூப்பிலும் பிரஷர் லூப்பிலும் பழகிய கைக்கு, அலை வந்தால் கெயினைக் குறைப்பது அனிச்சையாக வரும். அங்கே அது சரி. வால்வை 5% திறந்தால் ஃப்ளோ கொஞ்சம் ஏறி ஒரு புது இடத்தில் தானாக நின்றுவிடும். டேங்க் அப்படி நிற்காது. வரத்தும் வெளியேற்றமும் சமமாக இருக்கும்போது வால்வை 5% கூடத் திறந்துவிட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், டேங்க் காலியாகும் வரை. அதாவது வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டேங்க் தானே கூட்டிச் சேர்த்துக்கொண்டே போகிறது. அது இயல்பிலேயே ஒரு இன்டக்ரேட்டர். கன்ட்ரோலரின் ஐ பகுதி இன்னொரு இன்டக்ரேட்டர். இரண்டு இன்டக்ரேட்டர்களை ஒரே வளையத்தில் போட்டால் அவை ஊசலாடத்தான் செய்யும். அதைத் தடுக்கும் ஒரே பிரேக், பி பகுதி.

உங்கள் டேங்கிலேயே இதைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். இரண்டாவது பம்ப் ஓடத் தொடங்குகிறது, மட்டம் செட்பாயின்டுக்கு மேலே ஏறுகிறது. பிழை இருக்கும் வரை ஐ பகுதி வால்வைத் திறந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வெளியேற்றம் வரத்தைத் தாண்ட, மட்டம் இறங்கத் தொடங்கும். ஆனாலும் மட்டம் இன்னும் செட்பாயின்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே ஐ இன்னும் திறக்கிறது. மட்டம் செட்பாயின்டைத் தொடும் அந்த நொடியில் ஐ பகுதி தன் உச்சத்தில் இருக்கும்; வெளியேற்றம் வரத்தைவிட நிறையவே அதிகமாக இருக்கும். மட்டம் நிற்க வழியே இல்லை, கீழே பாய்கிறது. பி பகுதி மட்டும்தான் மட்டம் இறங்க ஆரம்பித்ததுமே வால்வை மூடத் தொடங்குகிறது. நீங்கள் கெயினைக் குறைக்கும்போது குறைந்தது அந்த பிரேக். ஐ பகுதியும் மெதுவாகிறது என்பது உண்மைதான், ஆனால் பிரேக் அதைவிட அதிகமாகத் தளர்கிறது. அதனால்தான் அலை நீண்டது, அகன்றது, அடங்கவில்லை.

எண்ணாகப் பார்க்க, உங்கள் டேங்கின் வேகத்தைக் குறிக்கும் ஓர் அளவு வேண்டும்: கன்ட்ரோலர் அவுட்புட் 1% மாறினால் மட்டம் நிமிடத்துக்கு எத்தனை % மாறும் என்பது. இதை k என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 2 மீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர மீட்டர். டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 2 மீட்டர் என்பதால் 0 முதல் 100% வரையான கொள்ளளவு 6.28 கன மீட்டர். இங்கே கவனிக்க வேண்டியது டேங்கின் மொத்த உயரம் அல்ல, டிரான்ஸ்மிட்டர் அளக்கும் உயரம் மட்டும். வால்வின் முழு ஓட்டம் மணிக்கு 30 என்றால் நிமிடத்துக்கு 0.5 கன மீட்டர். 0.5-ஐ 6.28-ஆல் வகுத்தால் k சுமார் 0.08. இதை வைத்துக்கொண்டு மூன்று உறவுகளை எழுதலாம்; Kc கெயின், Ti நிமிடத்தில் ரீசெட் நேரம், z தணிப்பு:

```
z = 0.5 × sqrt(Kc × Ti × k)
அலை நேரம் ≈ 6.28 × sqrt(Ti / (Kc × k))
ஊசலாடாமல் இருக்க: Kc × Ti × k ≥ 4
```

இரண்டாவது வரியில் உங்கள் கெயின்களைப் போட்டால் 1.5-க்கு சுமார் 26 நிமிடம், 0.8-க்கு 35, 0.4-க்கு 50 வருகிறது. நீங்கள் பார்த்தது 27, 36, 50. இவ்வளவு நெருங்கி வருவதால்தான் காரணம் ட்யூனிங் என்று உறுதியாகச் சொல்கிறேன். முதல் வரியில் போட்டால் தணிப்பு 0.24, 0.18, 0.13 என்று படிப்படியாக இறங்குகிறது. z 1 ஆனால் மட்டம் ஊசலாடாமல் திரும்பி வரும். மூன்றாவது வரிதான் இந்தப் பதிலின் சாரம்: உங்கள் டேங்குக்கு கெயினையும் ரீசெட் நேரத்தையும் பெருக்கினால் குறைந்தது 50 வர வேண்டும். இப்போது உங்களிடம் 0.4 × 2, அதாவது 0.8 இருக்கிறது. முதலில் இருந்த 1.5 × 2-கூட 3தான். கெயினை 0.2 ஆக்கினால் 70 நிமிட அலை வரும், அவ்வளவுதான்.

ஒரு கேள்வி உங்களுக்கே எழலாம். தணிப்பு 0.13 என்றாலும் அலை மெல்ல மெல்ல அடங்க வேண்டுமே, ஏன் அடங்கவில்லை? கணக்குப்படி 0.4 கெயினில் ஒவ்வொரு அலையும் முந்தையதில் 45% ஆகிறது. 10% ஆட்டம் 50 நிமிடத்தில் 4.5% ஆகும், இன்னொரு 50 நிமிடத்தில் 2% ஆகும். ஆனால் ஒன்றரை மணிக்கு ஒருமுறை இரண்டாவது பம்ப் ஓடியோ நின்றோ அதை மறுபடி உதைத்துவிடுகிறது. நீங்கள் சொன்ன 10% ஆட்டமும் 6 கன மீட்டர் மாற்றத்துக்குக் கணக்கில் வரும் அளவுதான். ஆகவே ட்ரெண்டில் இன்லெட் பம்பின் ஓட்டத்தையும் மட்டத்தையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். பம்ப் மாறிய உடனே அலை பெரிதாகி அடுத்த மாற்றம் வரை சுருங்கினால், எல்லாம் ட்யூனிங்தான். பம்ப் மாறாத நீண்ட நேரத்திலும் அலை ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருந்தால், வால்வை அல்லது வேறு தாமதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

புது எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் கேட்க வேண்டியது, மட்டம் எவ்வளவு ஆடினால் பரவாயில்லை என்பது. பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எல்லா டேங்கையும் செட்பாயின்டில் ஆணியடிக்கப் பார்க்கிறார்கள். டேங்க் எதற்காக வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் மேலே வரும் ஏற்ற இறக்கம் கீழே போகாமல் தாங்கிக்கொள்ள. அப்படிப்பட்ட டேங்கில் மட்டத்தை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் முழுவதும் வால்வு வழியாக அடுத்த யூனிட்டுக்குப் போய்விடும். பாய்லர் டிரம் போன்ற சில இடங்களில் மட்டத்தை இறுக்கமாகப் பிடிக்கத்தான் வேண்டும். அது தனிக் கதை, அங்கே இந்த எளிய கணக்கும் போதாது. உங்களுடையது சாதாரண டேங்க் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வரியில் பெருக்குத்தொகையைச் சரியாக 4-ல் வைத்தால், திடீர் வரத்து மாற்றத்துக்கு மட்டம் அதிகபட்சம் எவ்வளவு விலகும் என்பதை ஒரே பெருக்கலில் சொல்லலாம்: மாற்றத்தை வால்வின் முழு ஓட்டத்தில் எத்தனை % என்று எழுதி, 0.74-ஆல் பெருக்கி, கெயினால் வகுக்க வேண்டும். உங்கள் இரண்டாவது பம்ப் 30-ல் 6, அதாவது 20%. கெயின் 1 வைத்தால் மட்டம் சுமார் 15% விலகும், ரீசெட் 50 நிமிடம். கெயின் 2 என்றால் 7.4% விலகல், ரீசெட் 25 நிமிடம். கெயின் 3 என்றால் 5%, ரீசெட் 17 நிமிடம். ஹை, லோ அலாரங்களுக்கு செட்பாயின்டிலிருந்து இரு பக்கமும் 15%-க்கு மேல் இடம் இருந்தால் நான் கெயின் 2, ரீசெட் 25 நிமிடத்தில் தொடங்குவேன். விலகலின் உச்சம் சுமார் 13-வது நிமிடத்தில் வரும்; ஒரு மணி நேரத்தில் செட்பாயின்டிலிருந்து 1%-க்குள் வந்துவிடும். அடுத்த பம்ப் மாற்றம் வருவதற்கு முன் லூப் அமைதியாகிவிடும் என்பதால் உங்கள் சூழலுக்கு இது பொருந்துகிறது.

இந்த எண்களைப் பார்த்ததும் "25 நிமிடமா?" என்று ஆபரேட்டர்கள் முகம் சுளிப்பார்கள். மட்டம் செட்பாயின்டுக்கு வர நேரமாகிறது என்பார்கள். அது வேகமாக வந்து, தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டுவதைவிட இது சீக்கிரம் என்பதை ஒரு ஷிஃப்ட் ட்ரெண்டைக் காட்டினால் புரிந்துவிடும்.

கெயினைக் கூட்டுவதற்கு மேல் வரம்பு இல்லாமல் இல்லை. வால்வு நகர்ந்ததற்கும் மட்டம் அசைவது டிரான்ஸ்மிட்டரில் தெரிவதற்கும் இடையே உள்ள தாமதம்தான் அந்த வரம்பை வைக்கிறது. வால்வின் நகர்வு நேரம், டிரான்ஸ்மிட்டரில் போட்ட ஃபில்டர், கன்ட்ரோலரில் போட்ட ஃபில்டர் எல்லாம் இதில் சேரும். பாதுகாப்பான விதி: கெயின், k, தாமதம் மூன்றையும் பெருக்கினால் 0.5-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் டேங்கில் மொத்தத் தாமதம் அரை நிமிடம் என்றே வைத்தாலும் கெயின் 12 வரை இடம் இருக்கிறது. 2 அல்லது 3 அதற்கு மிகக் கீழே. தாமதத்தால் வரும் ஊசல் வேறு மாதிரி இருக்கும், அதைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம்: அலை நேரம் தாமதத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு, அதாவது இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும், கெயினைக் குறைத்தால் உடனே அடங்கும். உங்களுடையது அரை மணி, ஒரு மணி அலை. கெயினைக் குறைத்தால் வளர்கிறது. இரண்டும் எதிரெதிர் நோய்கள், மருந்தும் எதிரெதிர்.

எண்களைப் போடுவதற்கு முன் உங்கள் கன்ட்ரோலர் எந்த அலகில் பேசுகிறது என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். லெவல் லூப் கெட்டுப்போவதில் பெரும் பங்கு இங்கேதான். யோகோகாவா சென்டமில் பி என்பது கெயின் அல்ல, புரொப்போர்ஷனல் பேண்ட். கெயின் 2 வேண்டுமென்றால் 50% போட வேண்டும். ஐ அங்கே நொடியில்: 1500. டெல்டாவியிலும் ரீசெட் நொடியில்தான், ஆனால் பி-க்குப் பதில் கெயின். ஹனிவெல் எக்ஸ்பீரியனில் `T1` நிமிடத்தில்: 25. சில கருவிகள் நிமிடத்துக்கு எத்தனை ரிப்பீட் என்று கேட்கும். அங்கே 1-ஐ 25-ஆல் வகுத்து 0.04. நொடி கேட்கும் இடத்தில் யாரோ 25 என்று போட்டுவிட்டுப் போனால் ஐ அறுபது மடங்கு வேகமாகிவிடும், லூப் நிச்சயம் ஊசலாடும். ராக்வெல் பிஎல்சியின் `PID` கட்டளையில் கெயின்கள் தனித்தனி என்று அமைத்திருந்தால் நீங்கள் போட வேண்டியது Ki. அது 2-ஐ 1500-ஆல் வகுத்தது, 0.00133. அந்த அமைப்பில் Kp-யை மட்டும் மாற்றினால் அலை நேரம் ஏறக்குறைய மாறாமலே இருக்கும், தணிப்பு மட்டும் மாறும். உங்களுக்கு அலை நேரம் நீண்டது என்பதால் உங்களுடையது அந்த வகை இல்லை என்று தெரிகிறது. இன்னொன்று, முழு எண்ணில் கணக்குப் போடும் பழைய பிஎல்சிகளில் ரீசெட் மிக நீண்டால் ஒவ்வொரு ஸ்கேனிலும் சேர வேண்டிய சின்னத் தொகை பூஜ்ஜியமாக உருண்டு, ஐ வேலையே செய்யாமல் நின்றுவிடும். செட்பாயின்டிலிருந்து 2, 3% தள்ளி மட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தால் பிஐடி பிளாக்கின் ஸ்கேன் இடைவெளியை ஒரு நொடி, இரண்டு நொடி என்று நீட்டிப் பாருங்கள்.

நான் கணக்கிட்ட k காகிதத்தில் வந்தது. வால்வின் 100% ஓட்டம் மணிக்கு 30 என்பது டேட்டா ஷீட்டில் உள்ளது என்றால், நிஜத்தில் குழாய், பம்ப், எதிர் அழுத்தம் எல்லாம் அதை மாற்றும். ஈக்குவல் பர்சன்டேஜ் ட்ரிம் என்றால் 30% திறப்பில் ஒரு k, 70% திறப்பில் இன்னொன்று. ஆகவே ஒருமுறை அளந்துவிடுங்கள். பம்ப் மாறப்போகாத நேரமாகப் பார்த்து, ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். மட்டம் ஓரளவு நிலையாக இருந்தால் போதும். மெல்ல ஏறிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சரிவை ஐந்து நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவுட்புட்டை 5% மாற்றி, பத்து நிமிடம் விடுங்கள். உதாரணமாக, 45-லிருந்து 50-க்கு மாற்றும் முன் மட்டம் நிமிடத்துக்கு 0.02% ஏறிக்கொண்டிருந்தது, மாற்றிய பின் 0.38% இறங்குகிறது என்றால், சரிவின் மாற்றம் 0.40. அதை 5-ஆல் வகுத்தால் 0.08. சரிவுகளின் வித்தியாசத்தை எடுப்பதுதான் முக்கியம். பின்னால் வந்த சரிவை மட்டும் எடுத்தால் முன்பே இருந்த நகர்வும் கணக்கில் கலந்துவிடும். மட்டம் 40 அல்லது 60%-ஐத் தொட்டால் சோதனையை நிறுத்தி அவுட்புட்டைத் திருப்புங்கள். அளவில் 0.05 வந்தால் கெயினும் ரீசெட்டும் சேர்ந்த பெருக்குத்தொகை 80 ஆக வேண்டும். அதாவது அதே கெயின் 2-க்கு ரீசெட் 40 நிமிடம்.

படுத்த நிலை உருளை டேங்காக இருந்தால் k மட்டத்தோடு மாறும். நடுவில் பரப்பு அதிகம், k குறைவு. ஆகவே மெதுவான ஊசல் நடு மட்டத்தில்தான் மோசமாக இருக்கும். நடுவில் அளந்த k-யை வைத்து ரீசெட்டைத் தீர்மானித்தால் மற்ற மட்டங்களில் தணிப்பு இன்னும் நன்றாகவே இருக்கும். உங்கள் செங்குத்து டேங்குக்கு இந்தக் கவலை இல்லை.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் ரீசெட்டை 2-லிருந்து 25 ஆக்குங்கள். அது ஒன்றே தணிப்பை 0.13-லிருந்து 0.45-க்குக் கொண்டுவரும். மட்டம் செட்பாயின்டுக்கு அருகில் வந்த பிறகு கெயினை 2 ஆக்குங்கள். பிழை பெரிதாக இருக்கும்போது ஆட்டோவில் கெயினை மாற்றினால் சில கன்ட்ரோலர்களில் அவுட்புட் எகிறும். சந்தேகம் இருந்தால் மேனுவலில் போட்டு மாற்றிவிட்டு ஆட்டோவுக்கு வாருங்கள். பிறகு செட்பாயின்டை 5% நகர்த்திப் பாருங்கள். கெயின் 2 என்பதால் அவுட்புட் உடனே 10% குதிக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மட்டம் புது செட்பாயின்டை 0.7% அளவுக்குத் தாண்டி, மெல்லத் திரும்பி, அங்கேயே நின்றுவிட வேண்டும். இந்த ஒருமுறை தாண்டல் ட்யூனிங் குறை அல்ல. பம்ப் ஓடத் தொடங்கும்போதும் இதே கதை: வரத்து 20% கூடினால் வெளியேற்றம் சிறிது நேரம் 22, 23% வரை போய்த்தான் திரும்பும். மட்டம் மேலே இருந்தபோது சேர்ந்த தண்ணீரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் வெளியேற்றம் கொஞ்ச நேரமாவது வரத்தைத் தாண்டியே ஆக வேண்டும். எந்த ட்யூனிங்காலும் இதைத் தவிர்க்க முடியாது. இதை ஊசல் என்று நினைத்து மறுபடி கெயினில் கைவைப்பவர்கள் உண்டு. தாண்டுவது ஒருமுறை என்றால் விட்டுவிடுங்கள். மறுபுறமும் தாண்டினால் ரீசெட்டை இன்னும் நீட்டுங்கள்.

டி பற்றிச் சுருக்கமாக. இந்த மெதுவான ஊசலுக்கு டி பிரேக் ஆகாது, அந்த வேலைக்கு இங்கே பி-யே தாராளமாக இருக்கிறது. மட்டத்தின் மேற்பரப்பு அலையும்போது, மேலிருந்து தண்ணீர் விழும்போது, கிளறி ஓடும்போது டிரான்ஸ்மிட்டர் சிக்னல் நடுங்கும். டி அந்த நடுக்கத்தைப் பெருக்கி வால்வுக்கு அனுப்பும். பேக்கிங் தேயும், பிறகு நீங்கள் வேறு ஒரு ஊசலைத் துரத்த வேண்டியிருக்கும். கெயின் 2-லேயே நடுக்கம் வால்வை ஆட்டினால் நான்கைந்து நொடி ஃபில்டர் போதும். 30, 60 நொடி என்று ஃபில்டரை ஏற்றுவது தாமதத்தைச் சேர்ப்பதுதான்.

இனி வால்வு. புது எண்கள் போட்ட பிறகும், பம்ப் மாறாத நேரத்தில் ஒரே உயர அலை தொடர்ந்தால், லூப்பை மேனுவலில் போட்டு ஓர் அலை நேரம் காத்திருங்கள். மட்டம் ஒரே திசையில் நேர்கோடாக நகர்ந்தால், ஊசலை உண்டாக்குவது லூப்தான். மேனுவலிலும் அலை வந்தால் அது மேலிருந்து வருகிறது. உங்கள் கன்ட்ரோலரை விட்டுவிட்டு வரத்தைப் பாருங்கள். லூப்தான் என்றால் வால்வின் தளர்வை அளக்க வேண்டும். மேனுவலில் அவுட்புட்டை ஒரே திசையில் சில % நகர்த்தி நிறுத்துங்கள். பிறகு எதிர்த்திசையில் அரை அரை சதவீதமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் விட்டு, ஓட்டம் எப்போது அசைகிறது என்று எண்ணுங்கள். ஃப்ளோ மீட்டர் இல்லையென்றால் ஒருவரை வால்வு அருகே நிறுத்தி ஸ்டெம்மில் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஸ்டெம் வரை உள்ள தளர்வை மட்டும் காட்டும். ஸ்டெம்முக்கும் பிளக்குக்கும் நடுவே, ரோட்டரி வால்வு என்றால் ஷாஃப்டின் இணைப்பில், இருக்கும் தளர்வு தெரியாது. நல்ல பொசிஷனர் உள்ள வால்வில் 1%-க்குள் அசைவு தெரியும். 3% ஆகியும் அசையவில்லை என்றால் பேக்கிங் இறுக்கம், இணைப்புத் தளர்வு, பொசிஷனர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தளர்வான வால்வு, இன்டக்ரேட்டராகிய டேங்க், ஐ உள்ள கன்ட்ரோலர் மூன்றும் சேர்ந்தால் அலை எந்த ட்யூனிங்கிலும் முழுசாக நிற்காது. செட்பாயின்டிலிருந்து துளி விலகினாலும் ஐ அவுட்புட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும், வால்வு தளர்வைக் கடக்கும் வரை அசையாது, அசையும்போது தேவைக்கு மேல் போயிருக்கும். ட்ரெண்டில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு: வால்வு ஒட்டிக்கொண்டு விடும் வகையாக இருந்தால், ஓட்டம் படிப்படியாகக் குதிக்கும், மட்டம் கூரான முனையோடு முக்கோணமாக ஏறி இறங்கும். ட்யூனிங்கால் வரும் அலை வழவழப்பான வளைவாக இருக்கும். வெறும் தளர்வு மட்டும் என்றால் முனைகள் இவ்வளவு தெளிவாக இராது, அப்போது மேலே சொன்ன அரை சதவீதச் சோதனைதான் நம்பகமானது. இங்கேயும் கெயினைக் குறைத்தால் மட்டத்தின் ஆட்டம் பெரிதாகும், கூட்டினால் சிறிதாகும். ஆகவே கெயின் மாற்றத்துக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் வைத்து ட்யூனிங்கையும் வால்வையும் பிரிக்க முயலாதீர்கள்.

ஷட்டவுன் வரை வால்வைத் தொட முடியாது என்றால் இரண்டு வழி. வெளியேறும் லைனில் ஃப்ளோ மீட்டர் இருந்தால் லெவல் கன்ட்ரோலரின் அவுட்புட்டை ஒரு ஃப்ளோ கன்ட்ரோலரின் செட்பாயின்டாகக் கொடுக்கும் கேஸ்கேட். வால்வின் தளர்வை ஃப்ளோ லூப் சில நொடிகளிலேயே சரிக்கட்டிவிடும், ஈக்குவல் பர்சன்டேஜ் வளைவும் லெவல் லூப்புக்குத் தெரியாமல் போகும். ஃப்ளோ மீட்டர் இல்லையென்றால் ஐ-யை அணைத்துவிட்டு பி மட்டும் வைத்து ஓட்டலாம். ஐ இல்லாத லூப்பில் தளர்வு அலையை நிலைநிறுத்த முடியாது. கெயின் 2, பயாஸை சாதாரண வரத்துக்குத் தேவையான திறப்பில் வையுங்கள். வரத்து 20% கூடினால் மட்டம் 10% மேலே போய் அங்கேயே நிற்கும். தளர்வு 3% என்றால் அதோடு இன்னும் ஒன்றரை சதவீதம் இப்படியோ அப்படியோ இருக்கும். பம்ப் நின்றதும் திரும்பி வரும். செட்பாயின்டில் நிற்கவில்லையே என்று ஷிஃப்ட்டில் கேட்பார்கள். பயாஸ் மதிப்பையும் எதிர்பார்க்கும் மட்டத்தையும் பேனலில் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஷிஃப்ட்டில் யாராவது ரீசெட்டில் பழையபடி 2 நிமிடம் போட்டுவிடுவார்கள்.